சந்தை எந்தப் பக்கம் போனாலும்: ஆப்ஷன் வாங்கியவரின் காமா கணக்கு

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. மக்களவைத் தேர்தல் முடிவுக்கு முந்தைய நாள். கருத்துக் கணிப்புகள் ஆளும் கூட்டணிக்குப் பெரிய வெற்றி என்று சொன்னதால் நிஃப்டி ஒரே நாளில் 3.25 சதவீதம் ஏறி 23,263.90-இல் முடிந்தது. மறுநாள் வாக்குகள் எண்ணப்பட்டன, கணிப்பு பொய்த்தது, நிஃப்டி 5.93 சதவீதம் சரிந்து 21,884.50-க்கு வந்தது. அதற்கும் மறுநாள், கூட்டணி ஆட்சி அமையும் என்று உறுதியானதும் 3.36 சதவீதம் ஏறி 22,620.35-இல் நின்றது.

ஜூன் 3 மாலையில் இரண்டு பேர் ஒரே கால் ஆப்ஷனை வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். 23,250 ஸ்ட்ரைக், ஜூன் 27 எக்ஸ்பைரி. அப்போது நிஃப்டி லாட் 25. ஆளுக்குப் பத்து லாட், அதாவது 250. முதலாமவர் வாங்கிவிட்டு சந்தை ஏறும் என்று காத்திருந்தார். இரண்டு நாள் கழித்து அவருக்கு ஏறத்தாழ 73,000 ரூபாய் நஷ்டம். இரண்டாமவருக்கு அதே கால், அதே விலை, அதே இரண்டு நாள். ஏறத்தாழ 80,000 ரூபாய் லாபம். சந்தை எந்தப் பக்கம் போகும் என்று அவர் ஊகிக்கவே இல்லை. இரண்டாமவர் செய்ததற்குப் பெயர் காமா ஸ்கால்பிங். அந்தக் கணக்கை ஒவ்வொரு அடியாகப் பார்ப்போம்.

கணக்கு எளிதாக இருக்க இரண்டு விஷயங்களை நிலையாக வைத்துக்கொள்கிறேன். ஆப்ஷன் விலைகளை பிளாக்–ஷோல்ஸ் சூத்திரத்தில் போட்டுக் கணக்கிட்டிருக்கிறேன். ஃபியூச்சர் விலையை நிஃப்டியின் முடிவு விலையாகவே எடுத்துக்கொள்கிறேன். நிஃப்டியின் முடிவு விலைகள் மட்டும் உண்மையில் நடந்தவை.

ஜூன் 3 மாலையில் சந்தையின் பதற்றத்தைக் காட்டும் இந்தியா விக்ஸ் 21-ஐ ஒட்டி இருந்தது. அதையே ஆப்ஷன் விலைக்குள் இருக்கும் இம்ப்ளைடு வொலாட்டிலிட்டியாக எடுத்துக்கொண்டால், எக்ஸ்பைரிக்கு 17 வர்த்தக நாள் இருக்கும் நிலையில் அந்தக் காலின் விலை 513 புள்ளி வரும். 250-க்கு 1,28,250 ரூபாய் பிரீமியம்.

இந்தக் காலுக்கு டெல்டா 0.515. அதாவது நிஃப்டி ஒரு புள்ளி ஏறினால் காலின் விலை சுமார் அரைப் புள்ளி ஏறும்; இறங்கினால் அரைப் புள்ளி இறங்கும். 250 கால்களைக் கையில் வைத்திருப்பவர், அந்தக் கணத்தில், 129 நிஃப்டி ஃபியூச்சரை வாங்கி வைத்திருப்பவரைப் போன்றவர். முதலாமவர் அப்படியே விட்டுவிட்டார். இரண்டாமவர் அந்த 129-க்கு மிக நெருக்கமான லாட் கணக்கில், ஐந்து லாட் ஃபியூச்சரை, அதாவது 125-ஐ, 23,264-இல் விற்றார். இதுதான் டெல்டா ஹெட்ஜ். நிஃப்டி பத்துப் புள்ளி ஏறினால் கால் தருவதை ஃபியூச்சர் எடுத்துக்கொள்ளும். பத்துப் புள்ளி இறங்கினால் கால் இழப்பதை ஃபியூச்சர் தந்துவிடும்.

அப்படியென்றால் லாபம் எங்கிருந்து வருகிறது? டெல்டா ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதிலிருந்துதான். நிஃப்டி ஏற ஏற காலின் டெல்டா 1-ஐ நோக்கி வளரும். இறங்க இறங்க 0-ஐ நோக்கித் தேயும். டெல்டா மாறும் அந்த வேகத்துக்குத்தான் காமா என்று பெயர். நம் காலுக்கு நிஃப்டி 100 புள்ளி நகர்ந்தால் டெல்டா 0.031 அளவுக்கு மாறும். ஆனால் விற்ற ஃபியூச்சர் 125 என்பது 125 ஆகவே நிற்கும். சந்தை ஏறினால் கால் ஃபியூச்சரைவிட வேகமாக ஏறுகிறது. இறங்கினால் ஃபியூச்சர் தரும் லாபம் அப்படியே தொடர, காலின் நஷ்டம் மெதுவாகிறது. இரண்டு பக்கமும் வாங்கியவருக்கே சாதகம். ஆப்ஷன் வாங்குபவருக்கு மட்டுமே உள்ள சாதகம் இது. விற்றவருக்கு இதே கணக்கு அப்படியே தலைகீழ்.

ஜூன் 4-இல் நடந்ததைப் பாருங்கள். நிஃப்டி 1,379 புள்ளி இறங்கியது. வொலாட்டிலிட்டி 21-இலேயே இருந்ததாக வைத்தால் கால் 513-இலிருந்து 75-க்கு வந்தது. 438 புள்ளி போனது. 250-க்கு 1,09,500 ரூபாய் நஷ்டம். ஃபியூச்சரில் 1,379.40 புள்ளி வீதம் 125-க்கு 1,72,425 ரூபாய் லாபம். கழித்துப் பார்த்தால் கையில் 62,925 ரூபாய். நிஃப்டி இதே அளவு ஏறியிருந்தாலும், 1,380 புள்ளி மேலே போயிருந்தாலும், கணக்கு ஏறத்தாழ இங்கேயே வந்திருக்கும்: காலில் 2.4 லட்சம் லாபம், ஃபியூச்சரில் 1.72 லட்சம் நஷ்டம், மிச்சம் 69,000-ஐ ஒட்டி.

இந்த இடத்தில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். 'ஹெட்ஜ் வேலை செய்துவிட்டது' என்று ஐந்து லாட் ஃபியூச்சரையும் அப்படியே விட்டுவிடுவார்கள். ஸ்கால்பிங் என்ற சொல்லுக்கு உரிய வேலை இனிமேல்தான். ஜூன் 4 மாலை காலின் டெல்டா 0.13-க்குத் தேய்ந்திருந்தது. 250 கால் இப்போது 33 ஃபியூச்சருக்குத்தான் சமம். ஆனால் அவர் 125-ஐ விற்று வைத்திருக்கிறார். இனி அவர் ஹெட்ஜ் செய்தவர் அல்ல, சந்தை இறங்கும் என்று பந்தயம் கட்டியவர். ஆகவே நான்கு லாட்டைத் திரும்ப வாங்கி, ஒரு லாட்டை மட்டும் விற்ற நிலையில் வைத்துக்கொண்டார். 23,264-இல் விற்ற 100 ஃபியூச்சரை 21,884-இல் வாங்கியாயிற்று. அந்த லாபத்தை இனி யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

மறுநாள் நிஃப்டி 736 புள்ளி ஏறியது. கால் 75-இலிருந்து 220-க்கு வந்தது; 36,250 ரூபாய் லாபம். விற்றிருந்த ஒரு லாட்டில் 18,396 ரூபாய் நஷ்டம். மிச்சம் 17,854. இரண்டு நாள் கூட்டினால் 80,779 ரூபாய். முந்தைய மாலை அந்த நான்கு லாட்டை வாங்காமல் விட்டிருந்தால் ஜூன் 5 அன்று மட்டும் ஏறத்தாழ 55,700 ரூபாய் போயிருக்கும். இரண்டு நாள் உழைப்புக்கு மிஞ்சுவது 7,000-தான். லாபத்தின் பெரும்பகுதியைக் காப்பாற்றியது அந்த ஒரு மாலை வேலை. ஜூன் 5 மாலை டெல்டா 0.305-க்கு ஏறிவிட்டதால் அவர் மறுபடி இரண்டு லாட் விற்று மூன்று லாட்டில் நிற்பார்.

கவனியுங்கள்: சந்தை இறங்கினால் அவர் வாங்குகிறார், ஏறினால் விற்கிறார். தாழ்வில் வாங்கி உயர்வில் விற்பது என்று எல்லோரும் சொல்வதை அவருடைய டெல்டாவே அவரைச் செய்ய வைக்கிறது. தாழ்வு எது, உயர்வு எது என்று அவர் தீர்மானிக்க வேண்டியதில்லை. அந்தக் காலை விற்றவரும் ஹெட்ஜ் செய்பவராக இருந்தால், இறக்கத்தில் விற்று ஏற்றத்தில் வாங்க வேண்டும். ஒவ்வொரு அசைவிலும் அவர் பணம் தேய்கிறது.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டை ஒருவர் ஏன் நமக்கு விற்க வேண்டும்? விற்பவர் அதற்குத் தினக்கூலி வாங்குகிறார், அதனால்தான். ஆப்ஷனின் விலை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கரைகிறது. அந்தக் கரைவுக்குத் தீட்டா என்று பெயர். நம் காலில் முதல் நாள் கரைவு ஏறத்தாழ 15 புள்ளி, 250-க்கு 3,720 ரூபாய். வாடகைக்கு ஆட்டோ எடுத்து ஓட்டுபவரின் நிலைதான் காமா வாங்கியவருக்கும். சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அன்றைய வாடகையை வண்டிக்காரருக்குக் கொடுத்தாக வேண்டும். வாடகைக்கு மேல் வசூலானால்தான் வீட்டுக்குப் பணம்.

இங்கே சவாரி என்பது நிஃப்டியின் அன்றைய நகர்வு. அதில் ஒரு விசேஷம் உண்டு. ஹெட்ஜ் செய்தவருக்கு நகர்வு தரும் வருமானம், நகர்வின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. நம் 250 காலுக்கு, ஆரம்ப நிலையில், நிஃப்டி 100 புள்ளி நகர்ந்தால் கிடைப்பது 393 ரூபாய்தான். 200 புள்ளி நகர்ந்தால் 1,571. 300 புள்ளிக்கு 3,535. 400 புள்ளிக்கு 6,284. நகர்வு இரட்டித்தால் வருமானம் நான்கு மடங்கு. வாடகையோ 3,720-இல் நிற்கிறது. இரண்டும் சமமாகும் இடம் 308 புள்ளி. அன்று நிஃப்டி 308 புள்ளிக்கு மேல், எந்தப் பக்கமாவது, நகர்ந்தால் வாங்கியவருக்கு லாபம். குறைந்தால் விற்றவருக்கு லாபம். ஒரு நாளின் லாப நஷ்டத்தை இப்படி எழுதலாம்:

```
0.5 × Γ × (ΔS² − 308²) × 250
```

இதில் Γ என்பது காமா, நம் காலுக்கு 0.000314. ΔS என்பது அன்றைய நகர்வு. ஜூன் 4-இன் 1,379-ஐ இதில் போட்டால் 71,000 ரூபாய் வருகிறது. முழுக் கணக்கில் வந்தது 62,925. இவ்வளவு பெரிய நகர்வில் காமாவே பாதி வழியில் சுருங்கிவிடுவதும், 129-க்குப் பதில் 125 விற்றதும்தான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். சாதாரண நாட்களின் நகர்வுக்குச் சூத்திரம் மிக நெருக்கமாகவே வரும்.

அந்த 308 எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். இம்ப்ளைடு வொலாட்டிலிட்டி 21 சதவீதம் என்பது ஓர் ஆண்டுக்கான அளவு. ஆண்டில் ஏறத்தாழ 252 வர்த்தக நாள். வொலாட்டிலிட்டி காலத்தின் வர்க்கமூலத்தோடு வளர்வதால், ஒரு நாளுக்கு மாற்ற 252-இன் வர்க்கமூலமான 15.87-ஆல் வகுக்க வேண்டும். சந்தையில் இருப்பவர்கள் 16 என்றே வகுத்துக்கொள்வார்கள். 21-ஐ 15.87-ஆல் வகுத்தால் 1.32 சதவீதம், 23,264-இல் அது 308 புள்ளி. ஆக, 513 ரூபாய் என்ற விலைக்குள்ளேயே 'இனி வரும் நாட்களில் நிஃப்டி தினமும் 308 புள்ளி அளவில் ஆடும்' என்ற கணிப்பு எழுதப்பட்டிருக்கிறது. வாங்குபவர் அந்தக் கணிப்பைத்தான் விலைக்கு வாங்குகிறார். அதன்பின் சந்தை உண்மையில் எவ்வளவு ஆடுகிறது என்பது ரியலைஸ்டு வொலாட்டிலிட்டி. ஹெட்ஜ் செய்துகொண்டே போகிறவருக்கு லாபமா நஷ்டமா என்பதை முடிவு செய்வது இந்த இரண்டின் வித்தியாசம்தான். நிஃப்டி 24,000-க்குப் போகுமா 22,000-க்குப் போகுமா என்பது அல்ல.

தேர்தலுக்கு முன் 21 என்பது மலிவா, விலை உயர்வா? ஜூன் 3 அன்று பலருக்கு அது விலை உயர்வாகவே தெரிந்திருக்கும். சாதாரண நாட்களில் இந்தியா விக்ஸ் அதைவிட வெகு கீழே நிற்பது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அது அடிமாட்டு விலை. வொலாட்டிலிட்டியை அதன் பழைய சராசரியோடு ஒப்பிட்டு மலிவு, விலை உயர்வு என்று சொல்வதில் பயனில்லை. அடுத்து வரப்போகும் நகர்வோடுதான் ஒப்பிட வேண்டும்.

இதன் மறுபக்கமும் அதே மாதத்தில்தான் நடந்தது. எனக்கு அதுவே அதிகம் கற்றுத்தரும் பகுதியாகத் தெரிகிறது.

ஜூன் 7 வெள்ளிக்கிழமை நிஃப்டி 23,290.15-இல் முடிந்தது. தேர்தல் புயலில் காமா வாங்கியவர்கள் சம்பாதித்ததைப் பார்த்த ஒருவர் அன்று மாலை அதே ஜூன் 27 எக்ஸ்பைரியில் 23,300 காலை 250 வாங்கி, முறையாக ஹெட்ஜ் செய்தார் என்று வைப்போம். விக்ஸ் இறங்கிவிட்டது, இம்ப்ளைடு 16 என்று எடுத்துக்கொண்டால் காலின் விலை 333 புள்ளி, மொத்தம் 83,250 ரூபாய். நான்கு நாளுக்கு முன் 21 இருந்தது, இப்போது 16. பார்வைக்கு மலிவுதான். 16-ஐ 15.87-ஆல் வகுத்தால் தினமும் 1 சதவீதம். அதாவது 235 புள்ளி ஆடினால்தான் வாடகை கட்டும்.

அடுத்த பத்து வர்த்தக நாளில் நிஃப்டி முடிவு விலைக்கு முடிவு விலை நகர்ந்தது இவ்வளவுதான்: 31, 6, 58, 76, 67, 92, 42, 51, 66, 37 புள்ளி. ஒரு நாள்கூட நூறைத் தொடவில்லை. இந்தப் பத்து நகர்வையும் வர்க்கமாக்கிச் சராசரி எடுத்து வர்க்கமூலம் கண்டால் 58 புள்ளி, கால் சதவீதம். ஆண்டுக் கணக்கில் 4 சதவீதத்துக்கும் கீழே. பதினாறுக்கு வாங்கிய சரக்கு நான்குக்குப் போயிற்று. முதல் நாட்களில் அவர் கட்டிய வாடகை தினம் 3,250 ரூபாயை ஒட்டி. 58 புள்ளி நகர்வு தரும் வருமானம் 200 ரூபாய்கூட இல்லை. எக்ஸ்பைரி நெருங்க நெருங்க ஸ்ட்ரைக்குக்குப் பக்கத்தில் உள்ள ஆப்ஷனின் வாடகை இன்னும் ஏறும். ஜூன் 24 மாலை வரை தினமும் ஹெட்ஜை ஒழுங்காகத் திருத்திவந்தாலும் அவர் நஷ்டம் 40,000 ரூபாயை ஒட்டி வருகிறது. கொடுத்த பிரீமியத்தில் ஏறத்தாழ பாதி.

இத்தனைக்கும் அந்தப் பத்து நாளில் நிஃப்டி 23,290-இலிருந்து 23,538-க்கு ஏறியது. கால் வாங்கியவருக்கு 248 புள்ளி ஏற்றம். ஹெட்ஜ் செய்யாமல் காத்திருந்தவருக்கு 333-க்கு வாங்கிய கால் 309-இல் நிற்கும், நஷ்டம் 6,000 மட்டுமே. ஹெட்ஜ் செய்தவருக்கோ விற்ற ஃபியூச்சர் ஏற்றத்தில் கடித்தது. மெதுவாக, ஒரே பக்கமாக ஊர்ந்து ஏறும் சந்தை காமா வாங்கியவருக்கு மிக மோசமான சந்தை. ஹெட்ஜ் செய்வது எப்போதும் லாபம் என்று ஜூன் 4-ஐ மட்டும் பார்த்தவர் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த இரண்டாம் கணக்கைச் சொல்கிறேன். ஹெட்ஜ் தானாக லாபம் தராது. திசையால் வரும் லாப நஷ்டத்தைக் கழித்துவிட்டு, வொலாட்டிலிட்டியால் வருவதை மட்டும் மிச்சம் வைக்கும். மிச்சம் இருப்பது நஷ்டமாக இருந்தால் அதையும் அப்படியே காட்டும்.

பெரும்பாலான நாட்கள் ஜூன் இரண்டாம் வாரத்தைப் போன்றவை. ஜூன் 4-ஐப் போன்றவை அபூர்வம். உலகின் பெரிய குறியீட்டுச் சந்தைகளில் நீண்ட காலச் சராசரியில் இம்ப்ளைடு, ரியலைஸ்டைவிடச் சற்று உயர்ந்தே இருக்கிறது. ஆப்ஷன் விற்பவர் திடீர்ச் சரிவின் அபாயத்தைத் தலையில் சுமக்கிறார். அதற்கான கூலியை விலையில் சேர்த்துத்தான் விற்பார். எனவே காமாவை எப்போதும் வாங்கிக்கொண்டே இருப்பவர் சராசரியில் தோற்பார். குறிப்பிட்ட நேரத்தில், சந்தை எழுதியிருக்கும் 308-ஐ விடவோ 235-ஐ விடவோ அதிக ஆட்டம் வரும் என்று சொல்ல அவரிடம் காரணம் இருக்க வேண்டும்.

இம்ப்ளைடு நடுவில் மாறினால் என்னாகும் என்று கேட்கலாம். ஜூன் 4 அன்று விக்ஸ் 27-ஐ ஒட்டிப் போனது. மறுநாள் 19-ஐ ஒட்டி இறங்கியது. நம் முதல் கணக்கில் ஜூன் 5 மாலை காலை 21-க்குப் பதில் 19-இல் மதிப்பிட்டால் 220-க்குப் பதில் 181 வருகிறது. லாபத்தில் ஏறத்தாழ 10,000 ரூபாய் குறைகிறது. அன்றே விற்று வெளியேறுபவருக்கு இது உண்மையான இழப்பு. எக்ஸ்பைரி வரை வைத்திருந்து ஹெட்ஜ் செய்துகொண்டே போகிறவருக்கு, வழியில் இம்ப்ளைடு என்ன சொன்னது என்பது கடைசியில் பொருட்டல்ல. வாங்கியபோது கொடுத்த வொலாட்டிலிட்டியும், அதன்பின் நடந்த ஆட்டமும்தான் நிற்கும். தேர்தல், பட்ஜெட், கம்பெனியின் காலாண்டு முடிவு போன்ற நாளுக்கு முன் வாங்குபவர்கள் இதை மறக்கக் கூடாது. அந்த ஒரு நாளின் ஆட்டம் விலைக்குள் முன்பே ஏறியிருக்கும். நாள் கடந்ததும் அந்தப் பகுதி விலையிலிருந்து கழன்றுவிடும்.

நடைமுறையில் எல்லோரும் தடுமாறும் கேள்வி, எப்போது ஹெட்ஜைத் திருத்துவது என்பது. நம் கணக்கில் மாலைக்கு மாலை மட்டுமே திருத்தினோம். ஜூன் 4 அன்று நிஃப்டி நடுப்பகலில் 21,300-க்கும் கீழே போய்விட்டு ஏறத்தாழ 600 புள்ளி மீண்டுதான் 21,884-இல் முடிந்தது. முடிவு விலையை மட்டும் பார்த்தவருக்கு அந்த 600 புள்ளி ஊசலாட்டம் நடந்ததே தெரியாது. அடியில் கொஞ்சம் ஃபியூச்சர் வாங்கி, மீண்டபோது டெல்டா கேட்ட அளவு விற்றிருந்தால் அதுவும் கையில் வந்திருக்கும். அதற்காக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திருத்துவதே சிறந்தது என்றும் சொல்லிவிட முடியாது. சந்தை ஒரே பக்கமாக ஓடும் நாளில் சீக்கிரம் திருத்தியவர் நஷ்டப்படுவார். பொறுத்தவர் லாபம் காண்பார். முன்னும் பின்னும் ஆடும் நாளில் நேர்மாறு. அடிக்கடி திருத்துவதால் சராசரி லாபம் கூடுவதில்லை. அதிர்ஷ்டத்தால் வரும் ஏற்றத்தாழ்வு குறைகிறது, செலவு கூடுகிறது. டெல்டா ஒரு லாட் அளவுக்கு விலகினால் மட்டும் திருத்துவது என்பது, சிறிய கணக்கு வைத்திருப்பவருக்கு நான் பார்த்தவற்றில் மிகவும் ஒத்துவரும் வழி. நம் காலில் ஒரு லாட் விலக நிஃப்டி ஆரம்பத்தில் 300 புள்ளிக்குச் சற்று மேல் நகர வேண்டும். பத்து லாட்டுக்குப் பதில் ஒரே லாட் கால் வாங்கியவரால் ஃபியூச்சரை வைத்து ஹெட்ஜ் செய்யவே முடியாது. அவருக்கு வேண்டியது 13 ஃபியூச்சர், அப்போது கிடைத்த மிகச் சிறிய அளவோ 25.

செலவும் சிறியதல்ல. ஃபியூச்சர் விற்கும்போதெல்லாம் பரிவர்த்தனை வரி உண்டு. 2024 ஜூனில் 0.0125 சதவீதமாக இருந்தது அக்டோபர் 1 முதல் 0.02 ஆனது. ஐந்து லாட் விற்க 29 லட்சம் ரூபாய் மதிப்பு. அந்த வரி மட்டும் 0.02-இல் 580 ரூபாய். அதோடு தரகு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள இடைவெளி. சாதாரண நாளில் 100 புள்ளி ஆட்டத்தின் வருமானமே 393 என்றால், எத்தனை முறை திருத்தலாம் என்பது தானே தெரிந்துவிடும்.

இன்னொரு தடங்கல், ஹெட்ஜ் நகர்ந்த பிறகு வருவது. ஜூன் 4 மாலை நிஃப்டி ஸ்ட்ரைக்கிலிருந்து 1,365 புள்ளி கீழே இருந்தபோது காலின் காமா ஆரம்பத்தில் இருந்ததில் 60 சதவீதத்துக்கும் கீழே சுருங்கியிருந்தது; வாடகையும் பாதியாயிற்று. சந்தை அங்கேயே கிடந்திருந்தால் அதன்பின் எவ்வளவு ஆடினாலும் பெரிய வருமானம் வந்திருக்காது. ஆட்டம் ஸ்ட்ரைக்குக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும். 'ரியலைஸ்டு இம்ப்ளைடைவிட அதிகமாகத்தானே இருந்தது, எனக்கு ஏன் நஷ்டம்?' என்று கேட்பவர்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்: பெரிய ஆட்டங்கள் காமா வற்றிய இடத்தில் நடந்திருக்கும், சிறியவை காமா உச்சத்தில் இருந்தபோது. தேவையானால் பழைய காலை விற்று, சந்தை இப்போது நிற்கும் இடத்து ஸ்ட்ரைக்குக்கு மாறிக்கொள்ள வேண்டும். அதற்கும் செலவு உண்டு.

கடைசியாக, கையிருப்பு. நிஃப்டி ஜூன் 4-இல் 1,380 புள்ளி ஏறியிருந்தாலும் 69,000 லாபம் வந்திருக்கும் என்று முன்னே சொன்னேன். ஆனால் அந்த லாபம் வரும் வழியைப் பாருங்கள். ஃபியூச்சரின் 1.72 லட்சம் நஷ்டம் ரொக்கமாக மறுநாளே கணக்கிலிருந்து போகும். காலில் வந்த 2.4 லட்சமோ, காலை விற்கும் வரை காகிதத்தில்தான் இருக்கும். ஃபியூச்சருக்கான மார்ஜினும் தனியாகக் கட்டியிருக்க வேண்டும். பணம் போதாதவருக்குத் தரகு நிறுவனம் ஃபியூச்சரை அந்த உச்சத்தில் மூடிவிடும். பிறகு அவர் கையில் இருப்பது ஹெட்ஜ் இல்லாத வெறும் கால்தான், ஜூன் 3 மாலை முதலாமவர் வைத்திருந்ததைப் போல. ஐந்து லாட் ஃபியூச்சரில் ஒரே நாளில் 6 சதவீத எதிர்நகர்வைத் தாங்கும் ரொக்கம், 1.75 லட்சத்துக்குக் குறையாமல், மார்ஜினுக்கு மேல் ஒதுக்கி வைக்க முடியாதவர் பத்து லாட்டில் இறங்குவதற்குப் பதில் நான்கு லாட் காலும் இரண்டு லாட் ஃபியூச்சருமாக இறங்கலாம். அப்போது அதே நாளுக்குத் தேவை 70,000 ரூபாய்.